"தல்மூத் சொல்கிறது" என்று எழுதுவதற்கு முன்

"தல்மூத் இப்படிச் சொல்கிறது" என்று தொடங்குபவர்கள் பெரும்பாலும் முதல் வரியிலேயே சறுக்கிவிடுகிறார்கள். யூத மதச் சட்ட விவாதங்களின் தொகுப்பான தல்மூதில் பேசுபவர் ஒருவர் அல்லர். 1-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஒருவரின் தீர்ப்பு, 3-ஆம் நூற்றாண்டில் அதைப் பற்றி இன்னொருவர் சொன்ன கருத்து, அதற்கும் பிறகு பெயர் தெரியாத ஒருவர் எழுப்பிய கேள்வி எல்லாம் ஒரே பக்கத்தில் அடுத்தடுத்து வரும். போதாததற்கு, தல்மூத் என்ற பெயரில் இருப்பவை இரண்டு நூல்கள்.

இரண்டுக்கும் மூலம் ஒன்றுதான். கி.பி. 200-ஐ ஒட்டிக் கலிலேயாவில் யெஹூதா ஹநாசி என்ற ரப்பி தொகுத்த மிஷ்னா அது: 6 பெரும் பிரிவுகள், 63 ஏடுகள், சுருக்கமான எபிரேய வாக்கியங்கள். இதை வைத்துக்கொண்டு பாலஸ்தீனத்துக் கல்விக்கூடங்கள் ஒருபுறமும் பாபிலோனியக் கல்விக்கூடங்கள் மறுபுறமும் தலைமுறை தலைமுறையாக விவாதித்தன. அந்த விவாதம் கெமாரா எனப்படும். பெரும்பகுதி அரமேய மொழியில் இருக்கும். மிஷ்னாவும் கெமாராவும் சேர்ந்தது தல்மூத்.

பெயரை நம்பி ஊரைத் தீர்மானிப்பது

பாலஸ்தீனத்து நூலை எருசலேம் தல்மூத் என்பார்கள், ஆனால் அது எருசலேமில் உருவானதல்ல. ரோமருக்கு எதிராக யூதர்கள் நடத்திய பார் கொக்பா கிளர்ச்சி 135-இல் நசுக்கப்பட்ட பிறகு ரோமப் பேரரசு அந்த நகரை ஏலியா கேபிடோலினா என்ற ரோமக் குடியேற்றமாக மாற்றி, யூதர்கள் அங்கே வசிப்பதைத் தடைசெய்தது. ஆசிரியர்கள் வடக்கே கலிலேயாவுக்குப் போனார்கள். இந்தத் தல்மூதின் பெரும்பகுதி திபேரியாவில், 400-ஐ ஒட்டிய காலத்தில் உருப்பெற்றது. சேதங்கள், வழக்குகள் பற்றிய ஏடுகளின் நடை மட்டும் மற்றவற்றைவிட இறுக்கமாக இருப்பதால், அவை கடற்கரை நகரான செசரியாவில் தொகுக்கப்பட்டவை என்ற கருத்து ஆய்வாளரிடையே உண்டு.

பாபிலோனிய தல்மூதும் பழைய பாபிலோன் நகரத்தின் நூல் அல்ல. சசானியப் பாரசீகரின் ஆட்சியில் யூப்ரடீஸ் ஆற்றையும் கால்வாய்களையும் ஒட்டி இருந்த சூரா, பும்பெதித்தா, நெஹர்தெயா போன்ற ஊர்களின் நூல் அது.

பாலஸ்தீனத்து நூல் சிறியது, பாபிலோனியது பெரியது என்பதால் முன்னதைப் பின்னதன் முதல் வரைவு என்று நினைப்பவர்களும் உண்டு. அப்படி இருந்தால் சிறியதில் இருப்பதெல்லாம் பெரியதிலும் இருக்க வேண்டுமே? பயிர்ச் சட்டங்கள் பற்றிய முதல் பெரும் பிரிவின் எல்லா ஏடுகளுக்கும் பாலஸ்தீனத்தில் கெமாரா உண்டு. பாபிலோனில் பிரார்த்தனை பற்றிய பெராகோத் என்ற ஒரே ஏட்டுக்குத்தான் உண்டு. அந்தச் சட்டங்களில் பெரும்பாலானவை இஸ்ராயேல் மண்ணில் விளைவதற்கே பொருந்துபவை. பலிகள் பற்றிய பிரிவிலோ நிலைமை தலைகீழ். பாபிலோனியர் அதை விரிவாக அலசியிருக்கிறார்கள். பாலஸ்தீன நூலில் அதற்குக் கெமாரா நம் கைக்கு வரவில்லை.

ஆனால் இரு மையங்களும் ஒன்றையொன்று அறியாதவை அல்ல. உல்லா, ராவ் தீமி போன்றவர்கள் இரு நாடுகளுக்கும் இடையே போய்வந்து, அங்கே கேட்டதை இங்கே சொன்னார்கள். பாபிலோனிய தல்மூத் பாலஸ்தீனத்தை "மேற்கு" என்றே குறிப்பிடும். பெராகோத்தின் இரண்டாம் இலையிலேயே, இங்கே ராப்பா பார் ராவ் ஷீலா சொன்ன விளக்கத்தை மேற்கில் கேள்விப்படவில்லை, அவர்கள் அதையே ஒரு கேள்வியாக எழுப்பி வேறொரு பழைய போதனையிலிருந்து விடை கண்டார்கள் என்று வருகிறது. தகவல் போனது, ஆனால் எல்லாத் தகவலும் போகவில்லை. அந்த இடைவெளியையும் நூலே பதிவுசெய்து வைத்திருக்கிறது.

விருந்திலிருந்து தாமதமாக வந்த மகன்கள்

அடுக்குகளைக் கலந்துவிடுவதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. அதைப் பெராகோத்தின் முதல் மிஷ்னாவை, அதாவது மிஷ்னா நூலில் அந்த ஏட்டின் முதல் பத்தியை, வைத்தே பார்த்துவிடலாம். ஷெமா என்ற அன்றாடப் பிரார்த்தனையை மாலையில் எந்த நேரம்வரை ஓதலாம் என்பது கேள்வி. "நீ படுக்கும்போதும் எழும்போதும்" என்ற உபாகம வசனம்தான் அடிப்படை. இரவின் முதல் சாமம் முடியும்வரை என்கிறார் ரப்பி எலியேசர். நள்ளிரவுவரை என்கிறார்கள் அறிஞர்கள். விடியல் எழும்வரை என்கிறார் ரப்பான் கம்லியேல்.

உடனே ஒரு நிகழ்ச்சி வருகிறது. கம்லியேலின் மகன்கள் விருந்து வீட்டிலிருந்து தாமதமாக வந்து, "நாங்கள் ஷெமா ஓதவில்லை" என்கிறார்கள். "விடியல் எழவில்லை என்றால் நீங்கள் ஓதியாக வேண்டும்" என்கிறார் தந்தை. அறிஞர்கள் நள்ளிரவு என்று வரம்பு வைத்த இடங்களிலெல்லாம் கடமை விடியல்வரை நீடிக்கும். மனிதன் தவறிவிடாமல் தூரத்திலேயே நிறுத்தத்தான் அந்த வரம்பு என்று மிஷ்னா முடிக்கிறது. மகன்கள் பேசியது அந்த ஒரே வாக்கியம்தான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பாபிலோனிய தல்மூதில் இந்த மிஷ்னாவுக்கான விளக்கத்தில் இரண்டு குரல்கள் கேட்கின்றன. முதலாவது 8ஆ பக்கத்தில், அதாவது 8-ஆம் இலையின் இரண்டாம் பக்கத்தில்: "ராவ் யெஹூதா சொன்னார், ஷ்முவேல் சொன்னார்: சட்டம் ரப்பான் கம்லியேல் சொன்னபடி." ஷ்முவேல் 3-ஆம் நூற்றாண்டில் நெஹர்தெயாவில் இருந்தவர், ராவ் யெஹூதா அவருடைய மாணவர். தீர்ப்பு மட்டும் இருக்கிறது, காரணம் இல்லை.

இரண்டாவது குரல் 9அ பக்கத்தில், பெயரே இல்லாமல் வருகிறது. அதன் கேள்வி: தந்தையின் கருத்தை மகன்கள் இவ்வளவு நாளாகவா கேள்விப்படவில்லை? பதிலையும் அதுவே தருகிறது. மகன்கள் உண்மையில் கேட்டது இதுதானாம்: "அறிஞர்கள் உங்களோடு மாறுபடுகிறார்களா? அப்படியானால் ஒருவருக்கும் பலருக்கும் இடையே சட்டம் பலர் பக்கம்தானே? அல்லது அவர்களும் உங்களைப் போலவே நினைத்து, எச்சரிக்கைக்காக நள்ளிரவு என்றார்களா?" தந்தையின் பதில்: அவர்களும் என்னைப் போலவே நினைக்கிறார்கள், ஆகவே நீங்கள் ஓத வேண்டும்.

இந்தப் பத்தியை எடுத்துக்கொண்டு "கம்லியேலின் வீட்டில் பெரும்பான்மை விதி விவாதிக்கப்பட்டது" என்று எழுதினால் அது பிழை. மிஷ்னாவில் மகன்கள் அப்படி எதுவும் பேசவில்லை. கம்லியேலுக்குச் சில நூற்றாண்டுகள் கழித்து, மூலத்தில் ஒரு நெருடலைக் கண்ட பாபிலோனியத் தொகுப்பாளர் அதைத் தீர்க்க அவர்கள் வாயில் வைத்த பேச்சு அது. அவர் ஏமாற்றவில்லை, அது அவர் வாசிக்கும் முறை. அந்தப் பேச்சு தொகுப்பாளரின் காலத்துச் சட்டச் சிந்தனைக்குச் சாட்சி, கம்லியேல் வீட்டின் அந்த இரவுக்கு அல்ல.

இனி திபேரியாவுக்குப் போவோம். அதே மிஷ்னா, அதே நிகழ்ச்சி. கேள்வி மட்டும் வேறு. கம்லியேல் அறிஞர்களோடு மாறுபட்டுவிட்டு, தன் கருத்தின்படியே நடக்கவும் செய்வாரா என்று கேட்கிறது பாலஸ்தீன தல்மூத். எதிர் உதாரணங்களையும் அடுக்குகிறது. ரப்பி மெயிர் நோயாளிக்காக ஓய்வுநாளில் திராட்சை மதுவும் எண்ணெயும் கலக்கலாம் என்றவர். தானே நோயுற்றபோது, சகாக்கள் உடன்படவில்லை என்பதற்காகத் தனக்கு அதைச் செய்ய விடவில்லை. அவர் அப்படி நடந்தார் என்றால் கம்லியேல் ஏன் இப்படி? பதில் மிக எளிமையானது: அங்கே அறிஞர்களின் சொல்லைக் காப்பாற்ற வழி இருந்தது, இங்கே நள்ளிரவு ஏற்கெனவே கடந்துவிட்டது, காப்பாற்ற வழியே இல்லை.

பாபிலோன் கருத்து வேறுபாட்டையே கரைத்துவிடுகிறது: எல்லோரும் உள்ளுக்குள் ஒன்றுதான் நினைத்தார்கள். திபேரியா வேறுபாட்டை அப்படியே விட்டுவிட்டு, சிறுபான்மைக் கருத்துடையவர் நடைமுறையில் எப்படி நடக்கலாம் என்று பார்க்கிறது. என் கணக்கில் திபேரியாவின் கேள்விதான் மிஷ்னாவின் மேல்வரிகளுக்கு நெருக்கமானது, அங்கே மூன்று கருத்துகள் மூன்றாகவே நிற்கின்றன. ஆனால் மிஷ்னாவின் கடைசி வாக்கியம் பாபிலோனுக்கும் கைகொடுக்கிறது. இரு நூல்களையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்காதவருக்கு இந்த வித்தியாசமே கண்ணில் படாது.

அடுக்கைக் கண்டுபிடிப்பது எப்படி

ஒரு பத்தியை எடுத்து மூன்று நிறத்தில் கோடிடுங்கள். மிஷ்னாவும், மிஷ்னாவில் சேராத அதே காலப் போதனைகளான பராய்தாக்களும் ஒரு நிறம். இவற்றை மேற்கோள் காட்டும்போது கெமாரா "நாம் கற்றோம்", "ஆசிரியர்கள் போதித்தார்கள்" போன்ற நிலையான வாய்பாடுகளை முன்னால் வைக்கும். மிஷ்னாவுக்குப் பிந்தியவர்களான அமோராக்கள் பெயரோடு சொன்னவை இரண்டாம் நிறம். பாலஸ்தீனத்தவருக்கு "ரப்பி", பாபிலோனியருக்கு "ராவ்" என்ற பட்டம் வரும். ஷ்முவேல், உல்லா போன்ற சிலருக்குப் பட்டமே இல்லை. பெயரில்லாமல் வெறும் "ரப்பி" என்றால் யெஹூதா ஹநாசி. மிஞ்சியிருக்கும் பெயரற்ற அரமேயம் மூன்றாம் நிறம். ஆய்வாளர்கள் இதை ஸ்தாம் என்பார்கள். கேள்வி, மறுப்பு, "அப்படியல்ல, இப்படி" என்ற இணைப்புகள் பெரும்பாலும் இதன் வேலை.

பிறகு மூன்றாம் நிறத்தை மறைத்துவிட்டுப் படியுங்கள். நேருக்கு நேர் வாதிட்டதாகத் தோன்றிய இருவர், வேறு வேறு ஊரில் வேறு வேறு நூற்றாண்டில் தனித்தனியாக ஒரு வரி சொன்னவர்களாக நிற்பார்கள். வாக்குவாதம் முழுதும் இணைப்பில் இருந்திருக்கும்.

இந்தச் சோதனைக்கு எல்லை உண்டு. எபிரேயம் என்றால் பழையது, அரமேயம் என்றால் புதியது என்று மொழியை மட்டும் வைத்துத் தீர்மானிக்கக்கூடாது; அமோராக்களின் தீர்ப்புகள் பலவும் எபிரேயத்தில்தான் இருக்கின்றன. பழைய பராய்தாவும் பாபிலோனுக்கு வந்து சேர்வதற்குள் மெருகேறியிருக்கலாம். இணையான வடிவம் பாலஸ்தீன நூலில் கிடைத்தால் ஒப்பிட்டுப் பாருங்கள். பாபிலோனிய வடிவத்தில் மட்டும் கூடுதலாக இருக்கும் சொற்கள்மேல் சந்தேகம் வைக்கலாம்.

இதே காரணத்தால்தான் "ராவ் அஷி தல்மூதைத் தொகுத்தார்" என்ற வரியும் தடுமாறுகிறது. பாவா மெத்ஸியா என்ற ஏட்டின் 86அ பக்கம் சொல்வது, பாபிலோனிய அமோராக்களான ராவ் அஷியும் ரவீனாவும் "போதனையின் முடிவு" என்பது மட்டும்தான். தொகுத்தார்கள் என்ற சொல் அங்கே இல்லை. அஷி இறந்தது 427-இல். அவருக்குப் பின் வாழ்ந்த அவருடைய மகன் மார் பார் ராவ் அஷியின் கருத்துகளும் நூலில் உள்ளன. நாம் சொல்லும் காலவரிசைக்குப் பெரும் ஆதாரம், பாபிலோனியக் கல்விக்கூடத் தலைவரான ஷெரீரா காவோனின் கடிதம். அது 10-ஆம் நூற்றாண்டின் இறுதியில், வட ஆப்பிரிக்காவின் கைருவான் நகரத்தாரின் கேள்விக்குப் பதிலாக எழுதப்பட்டது. பெயரற்ற அடுக்கு அஷிக்குப் பின்னும் வளர்ந்தது என்பது இன்று பல ஆய்வாளர்களின் முடிவு.

மேற்கோள் காட்டும்போது இரண்டு விவரம் கொடுங்கள். ஒன்று, எந்த தல்மூத், எந்த இடம். பாபிலோனியதற்கு இலை எண்ணும் பக்கமும் போதும். 1520-களில் வெனிஸில் பாம்பெர்க் அச்சகம் வெளியிட்ட முழுப் பதிப்பின் பக்க அமைப்பே இன்றும் எல்லோரும் பின்பற்றுவது. பாலஸ்தீன நூலுக்கு அத்தியாய எண்ணும் சட்ட எண்ணும் கொடுப்பதுதான் பாதுகாப்பு, ஏனெனில் பதிப்புக்குப் பதிப்பு பக்கம் மாறும். இரண்டாவது, பேசுபவர் யார். மகன்களின் அந்தப் பேச்சை எடுத்தாள வேண்டுமா? "பாபிலோனிய தல்மூத், பெராகோத் 9அ, பெயரற்ற அடுக்கு, கம்லியேலின் மகன்கள் வாயிலாக" என்று எழுதுங்கள்.