கடை கல்லாவில் இருக்கும் க்யூஆர் உங்களுடையதுதானா?

ரங்கநாதன் தெரு கடைகளில் ஒட்டியிருக்கும் அட்டை ஸ்டாட்டிக் க்யூஆர். அதில் உங்கள் யுபிஐ ஐடியும் பெயரும் இருக்கும், தொகை இருக்காது. தொகையை வாடிக்கையாளர்தான் அடிக்க வேண்டும். பில் போட்டதும் மெஷின் திரையில் வருவது டைனமிக் க்யூஆர். அந்த பில்லின் தொகையும் எண்ணும் அதற்குள்ளேயே இருக்கும்:

```
upi://pay?pa=kadai@bank&pn=Kadai
upi://pay?pa=kadai@bank&pn=Kadai&am=85.00&tr=B1042&cu=INR
```

அட்டை மாறுவதே இல்லை என்பதுதான் திருடனுக்கு வசதி. தன் ஸ்டிக்கரை மேலே ஒட்டிவிட்டால் போதும், பணம் அவன் கணக்குக்குப் போய்விடும். வாடிக்கையாளர் போனில் பச்சை டிக் வரும், உங்கள் சவுண்ட் பாக்ஸ் மட்டும் பேசாது. பல கடைக்காரர்கள் இதை நெட்வொர்க் கோளாறு என்று விட்டுவிடுகிறார்கள், அங்கேதான் நஷ்டம். பாக்ஸ் பேசாவிட்டால், வாடிக்கையாளர் போனில் பணம் எந்த யுபிஐ ஐடிக்குப் போனது என்று உடனே பாருங்கள்.

காலையில் கடை திறந்ததும் அட்டையின் ஓரத்தை நகத்தால் தடவுங்கள். இரண்டாவது விளிம்பு தட்டுப்பட்டாலோ, கட்டம் லேசாக மேடாக இருந்தாலோ சந்தேகப்படுங்கள். பிறகு வீட்டார் போனில் ஸ்கேன் செய்து 1 ரூபாய் அனுப்புங்கள். பெயர் ஒரே மாதிரி இருக்கலாம், அதனால் ஐடியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். வாசல் தூணில் இன்னொரு அட்டை இருந்தால் அதையும் ஸ்கேன் செய்யுங்கள். கண்ணில் படாத அட்டையில் ஒட்டுவதுதான் சுலபம்.

மாற்றியிருந்தால் கிழிக்காதீர்கள். போட்டோ எடுத்து, சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.