மெழுகு, சூயிங்கம், பெயின்ட்: துணியைக் கெடுப்பது பெரும்பாலும் நம் அவசரம்தான்

சட்டையில் மெழுகு சொட்டியதும் பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது அயர்ன் பாக்ஸ். மேலே பேப்பரை வைத்துத் தேய்த்தால் மெழுகு உருகிப் பேப்பருக்குப் போய்விடும். பாரஃபின் மெழுகு சுமார் 50–60 டிகிரியிலேயே உருகிவிடுவதால் யோசனை சரிதான். ஆனால் அதை எந்தத் துணியில் செய்கிறோம் என்பதில்தான் தவறு நடக்கிறது.

ஒருமுறை சிவப்பு மெழுகுவத்தி சாய்ந்து, என்னுடைய இரண்டு வெள்ளைச் சட்டைகளில் கொட்டியது. ஒன்று காட்டன், மற்றது பாலியஸ்டர். இரண்டையும் ஒரே மாதிரி தேய்த்தேன். மெழுகு இரண்டிலிருந்தும் போனது. காட்டனில் மிச்சமிருந்த இளஞ்சிவப்புக் கறை, ஆல்கஹால் நனைத்த பஞ்சால் ஒற்றி எடுத்ததும் மெல்ல மறைந்தது. பாலியஸ்டரில் இருந்தது இன்றுவரை போகவில்லை. மெழுகுக்கு நிறம் தருவது பெரும்பாலும் எண்ணெயில் கரையும் சாயம். காட்டன் இழையோடு அதற்கு ஒட்டுறவு கிடையாது. பாலியஸ்டரோ சுமார் 70–80 டிகிரியைத் தாண்டினால் உள்ளுக்குள் தளரும். அந்த நேரத்தில் சாயம் இழைக்குள் நுழைந்துவிடும், ஆறியதும் உள்ளேயே சிறைப்பட்டுவிடும். நான் கறையை எடுக்கவில்லை, சாயம் போட்டிருக்கிறேன்!

அதனால் நிற மெழுகு பாலியஸ்டரில் பட்டால் சூடே வேண்டாம். துணியை பிளாஸ்டிக் பையில் போட்டு ஃப்ரீசரில் ஒரு மணி நேரம் வைத்து, ஸ்பூனின் விளிம்பால் சுரண்டுங்கள். வெள்ளை மெழுகென்றால், முதலில் சுரண்டிவிட்டு, ஆவி இல்லாமல், மிகக் குறைந்த சூட்டில் பேப்பர் வைத்துத் தேய்க்கலாம். பேப்பரில் எண்ணெய்த் திட்டு தெரிந்ததும் புதுப் பேப்பர் மாற்றுங்கள். மாற்றாவிட்டால் உருகிய மெழுகு திரும்பத் துணிக்கே வரும்.

சூயிங்கம்முக்குச் சூடு எதிரி. வெந்நீர் பட்டால் இளகி நூலிடுக்கில் இறங்கும். குளிரில் அது கண்ணாடி மாதிரி நொறுங்கும் தன்மைக்கு வரும். ஆனால் ஃப்ரீசரை விட்டு எடுத்த சில நிமிடங்களில் மறுபடி இளகத் தொடங்கும். இழுத்தால் நூல்போல் நீள்கிறதா? போதும், நிறுத்திவிட்டு மறுபடி உள்ளே வையுங்கள். கம்பளித் துணியில் இதை இன்னும் பொறுமையாகச் செய்யவேண்டும். இழுத்தால் கம்மோடு மயிரிழையும் பிடுங்கிக்கொண்டு வரும்.

பெயின்ட்டுக்கு இந்த இரண்டு வித்தையும் பலிக்காது. தண்ணீர் கலந்த பெயின்ட் உலரும்போது இழையைச் சுற்றிப் படலமாகிவிடும். சூடு காட்டினால் அது இன்னும் சீக்கிரம் நடக்கும். ஈரமாக இருக்கும்போதே, கறையின் பின்பக்கத்திலிருந்து தண்ணீர் விட்டு வெளியே தள்ளுங்கள். காய்ந்துவிட்டால் ஆல்கஹால் ஊறவைத்து மெதுவாக இளக்கலாம். அசிட்டோனைத் தொடுமுன் துணியின் லேபிளைப் பாருங்கள். அசிடேட் என்றிருந்தால் கறையோடு துணியும் கரைந்துபோகும்.