ழகரத்தை ளகரத்திலிருந்து சொல்லித்தராதீர்கள்

பிள்ளைக்கு யாழினி என்று பெயர் வைத்து, பள்ளியில் Yazhini என்று எழுதிக்கொடுத்தால், வெளிநாட்டு ஆசிரியை ‘யாஸினி’ என்றோ ‘யாஜினி’ என்றோதான் கூப்பிடுவார். அவரைக் குறைசொல்ல முடியாது. zh என்ற கூட்டெழுத்தை அவர் பார்த்திருப்பது ருஷ்ய, சீனப் பெயர்களில். முன்னதில் அது ‘பிளெஷர்’ என்ற சொல்லின் நடுவில் வரும் ஒலி, பின்னதில் ஏறக்குறைய ஜ. இந்தியில் கனிமொழியின் பெயரை ‘கனிமோஜி’ போல ஒலிக்கும்படி எழுதுவதும் இந்த zh செய்த வேலைதான்.

அதைத் திருத்தப்போகும் நாம் செய்யும் தவறு இன்னும் பெரியது. “எல் மாதிரிதான், நாக்கை நல்லா மடிச்சுச் சொல்லுங்க” என்கிறோம். அவரும் நாக்கை மடித்து மேலே ஒட்டுவார், வருவது ‘யாளினி’. ளகரத்தில் நாக்கு அண்ணத்தைத் தொட்டு நடுவழியை அடைக்கிறது, காற்று பக்கவாட்டில் போகிறது. ழகரத்தில் நுனி எங்கும் ஒட்டுவதில்லை, காற்று நாக்கின் நடுவே போகிறது. தொல்காப்பியம் ‘நுனிநா அணரி அண்ணம் வருட’ என்று ரகரத்தையும் ழகரத்தையும் ஒரே நூற்பாவில் சேர்த்திருக்கிறது. லகரமும் ளகரமும் வேறு நூற்பா. ஆக, தொடங்க வேண்டிய இடம் ரகரம்.

அமெரிக்கர் என்றால் வேலை சுலபம். ‘கார்’ என்பதை அவர் ஊர் வழக்கப்படி சொல்லி, கடைசி ஒலியை இழுக்கச் சொல்லுங்கள். அப்படியே நாக்கு நுனியை இன்னும் கொஞ்சம் பின்னால் வளைத்து, உதட்டைக் குவிக்காமல் வைத்தால் ழ் வந்துவிடும். பிறகு ‘யாழ்…’ என்று நீட்டி, மூச்சை விடாமல் ‘இனி’யைச் சேர்க்க வேண்டும். இந்திக்காரருக்கு இந்த வழி உதவாது, அவர்களுடைய ரகரம் ஒரு தட்டு தட்டிவிட்டு ஓடிவிடும். ‘கோடா’ (குதிரை) என்பதில் வரும் அவர்களுடைய டகரத்துக்கு நாக்கை வளைக்கச் சொல்லி, தட்டாமல் அங்கேயே நிறுத்தச் சொல்லுங்கள்.

சரியாக வந்ததா என்று காதுக்குச் சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை உண்டு. ஒலியை நிறுத்திவிட்டு, நாக்கை அசைக்காமல் வாயால் மூச்சை உள்ளே இழுக்கச் சொல்லுங்கள். நாக்கின் ஓரங்கள் குளிர்ந்தால் அது ளகரம், நடுவில் குளிர்ந்தால் ழகரம்.

பழகத் தொடங்க யாழினி, கனிமொழி போல ழகரம் இரண்டு உயிரொலிகளுக்கு நடுவில் வரும் பெயர்கள் நல்லவை. கயல்விழியில் லகரமும் கூடவே வருவதால் நாக்கு குழம்பும், அதைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

யாழ்ப்பாணத்தார் பலர் யாழை Yarl என்று எழுதுவதுண்டு. r இருப்பதால் பாதி வழி சரி, ஆனால் கூடவே ஒட்டியிருக்கும் l நாக்கை மறுபடி அண்ணத்தில் ஒட்டவைத்துவிடும். இன்னொன்று, மதுரைப் பக்கமும் நெல்லைப் பக்கமும் பல வீடுகளில் பேச்சில் ழகரமே கிடையாது. அம்மா ‘யாளினி’ என்று கூப்பிட்டுக்கொண்டே ஆசிரியையைத் திருத்தினால், எதைப் பிடிப்பது என்று அவருக்கு எப்படித் தெரியும்?