இரண்டு பேர் திருத்திய கட்டுரைகள்: மதிப்பெண்கள் ஒத்துப்போகின்றனவா என்று கப்பா மூலம் பார்ப்பது

அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி தேர்வில் 2005 முதல் 2016 வரை இருந்த கட்டுரைப் பகுதியை இரண்டு பேர் தனித்தனியே படித்து, 1 முதல் 6 வரை மதிப்பெண் போட்டார்கள். ஒரு மதிப்பெண்ணுக்கு மேல் வேறுபட்டால் கட்டுரை மூன்றாம் நபரிடம் போகும். அதே 1–6 அளவுகோலை வைத்து, இரண்டு திருத்துநர்கள் எந்த அளவுக்கு ஒத்துப்போகிறார்கள் என்பதை, முழுதும் ஒத்துப்போனால் 1, தற்செயல் அளவுக்கே ஒத்துப்போனால் 0 என்று காட்டும் கப்பா என்ற எண்ணாக எக்செல்லிலோ கூகுள் ஷீட்ஸிலோ கணக்கிடுவோம்.

படி 1: மதிப்பெண்களைச் சேகரிப்பது

இரண்டாமவர் திருத்தும்போது முதலாமவர் போட்ட மதிப்பெண் கண்ணில் படக்கூடாது. பட்டால், அறியாமலே அதன் பக்கம் சாய்வார். இருவரும் பேசித் திருத்திய இறுதி மதிப்பெண்ணும் வேண்டாம். முதலில் போட்டதுதான் வேண்டும். A நிரலில் கட்டுரை எண், B, C நிரல்களில் இருவரின் மதிப்பெண்கள். ஒருவர் மட்டுமே திருத்திய கட்டுரையின் வரிசையை நீக்கிவிடுங்கள்.

பயிற்சிக்குப் பத்துக் கட்டுரைகள்:

```
B: 1 2 2 3 3 4 4 5 5 6
C: 2 2 3 3 4 4 4 5 6 6
```

ஆறு கட்டுரைகளில் இருவரும் ஒரே மதிப்பெண் போட்டிருக்கிறார்கள், அதாவது 60%. ஆனால் இந்தச் சதவீதத்துக்கு 3-க்கும் 4-க்கும் உள்ள வேறுபாடும் 1-க்கும் 6-க்கும் உள்ள வேறுபாடும் ஒன்றுதான். தற்செயலாகவே எவ்வளவு ஒத்துப்போயிருக்கும் என்பதையும் அது கழிப்பதில்லை. ஜேக்கப் கோஹன் 1960-இல் தந்த கப்பா இரண்டாவது குறையைத் தீர்த்தது. 1968-இல் அவரே தந்த எடையிட்ட கப்பா முதல் குறையையும் தீர்த்தது. இருபடி எடையில் ஒரு மதிப்பெண் வேறுபாட்டின் எடை 1, இரண்டுக்கு 4, மூன்றுக்கு 9.

படி 2: கணக்கு

பாடநூல்கள் இதற்கு மூன்று அணிகளை வரையச் சொல்லும். இருபடி எடைக்கு அது தேவையில்லை. கீழே உள்ள சுருக்கமான வழியும் அதே விடையைத்தான் தரும். மதிப்பெண்கள் 2 முதல் 11 வரையான வரிசைகளில் இருந்தால், F1, F2, F3-இல் முறையே:

```
=SUMXMY2(B2:B11,C2:C11)/COUNT(B2:B11)
=VAR.P(B2:B11)+VAR.P(C2:C11)+(AVERAGE(B2:B11)-AVERAGE(C2:C11))^2
=1-F1/F2
```

F1 என்பது இருவருக்கும் இடையே உண்மையில் இருந்த வேறுபாடுகளின் இருபடிச் சராசரி: 0.4. F2 என்பது இருவரின் மதிப்பெண்களையும் சீட்டுக்கட்டு போலக் கலைத்து இணைத்திருந்தால் எதிர்பார்க்கக்கூடிய வேறுபாடு: 2.25 + 1.89 + 0.16 = 4.30. கப்பா 1 − 0.4/4.30 = 0.91. VAR.S போட்டுவிடாதீர்கள், விடை சற்று மாறிவிடும்.

பைத்தானில் சரிபார்க்க:

```python
from sklearn.metrics import cohen_kappa_score
b = [1,2,2,3,3,4,4,5,5,6]
c = [2,2,3,3,4,4,4,5,6,6]
print(cohen_kappa_score(b, c, labels=[1,2,3,4,5,6],
                        weights="quadratic"))
```

`labels` பகுதியை விட்டுவிடாதீர்கள். உங்கள் தரவில் யாருக்குமே 3 கிடைக்கவில்லை என்றால், அது இல்லாமல் பைத்தான் 2-ஐயும் 4-ஐயும் அடுத்தடுத்த மதிப்பெண்களாக எண்ணிவிடும்.

படி 3: எண்ணைப் படிப்பது

0.70-ஐக் குறைந்தபட்ச வரம்பாகப் பலர் வைக்கிறார்கள். 0.91 அதைத் தாண்டிவிட்டது என்று இங்கேயே நிறுத்துவதுதான் பெரிய தவறு. பட்டியலை மறுபடி பாருங்கள்: வேறுபட்ட நான்கு கட்டுரைகளிலும் இரண்டாமவரே ஒரு மதிப்பெண் கூடுதலாகப் போட்டிருக்கிறார். முதலாமவரின் சராசரி 3.5, இவருடையது 3.9. இவர் கை தாராளம். யாரிடம் தாள் போனது என்பதைப் பொறுத்து மாணவரின் மதிப்பெண் மாறுகிறது. கப்பா அதைப் பெரிதாகக் காட்டவில்லை. ஆகவே கப்பாவோடு சராசரி வேறுபாட்டையும் எப்போதும் சேர்த்தே எழுதுங்கள்.

இன்னொரு குழுவில் எல்லாக் கட்டுரைகளும் நடுத்தரமாக இருக்கின்றன:

```
B: 3 3 3 3 3 4 4 4 4 4
C: 3 3 3 4 4 4 4 4 3 3
```

இங்கும் ஒத்துப்போனது 60%தான், F1-உம் அதே 0.4தான். ஆனால் கப்பா வெறும் 0.20. இவர்கள் திடீரென்று மோசமாகத் திருத்தவில்லை. மதிப்பெண்கள் குறுகிய இடைவெளியில் அடங்கியதால் F2 0.5-ஆகச் சுருங்கிவிட்டது. இப்படி வந்தால் திருத்துநரைக் குறை சொல்லுமுன், 1 முதல் 6 வரை பரவிய கட்டுரைகளைத் தேர்ந்து மறுபடி சோதியுங்கள். பரவல் வேறுபடும் இரண்டு குழுக்களின் கப்பாவை ஒப்பிடுவதும் இதனால்தான் தவறு.

எதிர்பாராமல் விழுந்த எண்ணுக்கு இன்னொரு காரணமும் உண்டு. முதல் பட்டியலில் கடைசிக் கட்டுரைக்கு இரண்டாமவரின் 6 தவறுதலாக 2 என்று பதிவானால், 0.91 ஒரேயடியாக 0.49 ஆகிவிடும். நான்கு மதிப்பெண் வேறுபாட்டின் எடை 16 அல்லவா! எனவே இரண்டுக்கு மேல் வேறுபடும் வரிசைகளை முதலில் வடிகட்டி, மூலத் தாளோடு ஒப்பிடுங்கள். பதிவு சரியென்றால் அந்தக் கட்டுரையையே படியுங்கள். பெரும்பாலும் தலைப்பை விட்டு விலகிய கட்டுரையாக இருக்கும், அதை எப்படித் திருத்துவது என்று மதிப்பீட்டு வழிகாட்டியில் சொல்லப்பட்டிருக்காது. பத்துத் தாள்களில் ஒன்றே இவ்வளவு ஆட்டுகிறது என்பதால், உண்மையான சோதனைக்குக் குறைந்தது ஐம்பது கட்டுரைகளாவது எடுங்கள்.