ஒரே ஒரு பி செல்லைப் பின்தொடர்வோம்: குளோன் தேர்வு படிப்படியாக

ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள், கணக்குப் போட வேண்டியிருக்கும். இதுவரை உடல் பார்த்திராத ஒரு இன்ஃப்ளூயன்சா வைரஸ் ஒருவருடைய சுவாசப் பாதையில் நுழைகிறது. அந்த நாளை நாள் 0 என்று குறித்துக்கொள்வோம். வைரஸின் மேற்பரப்பில் ஹீமக்ளூட்டினின் என்ற புரதம் நீட்டிக்கொண்டு நிற்கும். கிருமியைப் பிடித்து ஒட்டும் எதிர்ப்பொருள் என்ற புரதத்தைச் சுரக்கும் வெள்ளையணு வகைதான் பி செல். ஹீமக்ளூட்டினினுக்குப் பொருந்தும் ஏற்பியைத் தன் மேற்பரப்பில் கொண்ட ஒரு பி செல்லை ஒரு வாரம் பின்தொடர்ந்தால் குளோன் தேர்வுக் கோட்பாடு முழுவதும் அதற்குள் வந்துவிடும். பி செல்லுக்கு உதவுவது போன்ற வேலைகளைச் செய்யும் டி செல்கள் என்ற மற்றொரு வெள்ளையணு வகைக்கும் இதே தர்க்கம்தான். ஆனால் ஒரே நேரத்தில் இரண்டையும் பிடித்துக்கொண்டு ஓட வேண்டாம்.

படி 1: ஏற்பி முதலில், கிருமி பிறகு

குழப்பம் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. கிருமி வந்ததும் அதைப் பார்த்து உடல் ஒரு எதிர்ப்பொருளை வடிவமைக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி நினைப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. 1940-ல் லைனஸ் பாலிங் சொன்னதும் கிட்டத்தட்ட அதுதான்: கிருமியின் மூலக்கூறைச் சுற்றி எதிர்ப்பொருள் புரதம் மடிந்து, அதன் வடிவத்தை வாங்கிக்கொள்கிறது என்றார். அளவெடுத்துச் சட்டை தைப்பது போல.

1957-ல் ஆஸ்திரேலியாவின் ஃபிராங்க் மக்ஃபார்லேன் பர்னெட் இதைத் தலைகீழாகத் திருப்பினார். அதே காலத்தில் அமெரிக்காவில் டேவிட் டால்மேஜும் இதே திசையில் யோசித்தார். அளவெடுத்துத் தைப்பதே கிடையாது, எல்லா அளவுகளிலும் சட்டைகள் ஏற்கனவே தைத்துத் தொங்குகின்றன, கிருமி வந்து தனக்குப் பொருந்துவதை எடுத்துக்காட்டுகிறது என்பதுதான் பர்னெட்டின் வாதம். ஒரு செல்லுக்கு ஒரே வகை ஏற்பி. பொருந்திய செல் பெருகும், பொருந்தாதது சும்மா இருக்கும். ஒரே செல்லிலிருந்து பெருகிய இந்தச் சந்ததிக் கூட்டம்தான் குளோன்.

இத்தனை அளவுகள் எங்கிருந்து வந்தன? எலும்பு மஜ்ஜையில் ஒவ்வொரு பி செல்லும் வளரும்போது தன் ஏற்பி மரபணுவைத் துண்டுகளிலிருந்து ஒட்டிச் சேர்க்கிறது. ஏற்பி கனச் சங்கிலி, இலேசான சங்கிலி என்ற இரண்டு வகைப் புரதச் சங்கிலிகளால் ஆனது. மரபணுத் துண்டு வகைகளின் பெயர்கள் வி, டி, ஜே; இந்த டிக்கும் டி செல்லுக்கும் தொடர்பில்லை. கனச் சங்கிலிக்கு வி துண்டுகள் சுமார் 40, டி துண்டுகள் சுமார் 23, ஜே துண்டுகள் 6. ஒவ்வொன்றிலும் ஒன்றைத் தற்செயலாக எடுத்தால் 40 × 23 × 6 = 5,520 சேர்க்கைகள். இலேசான சங்கிலிக்கு ஏறக்குறைய 320 சேர்க்கைகள். இரண்டையும் பெருக்கினால் 17 லட்சத்துக்கும் மேல். ஒட்டும் இடங்களில் சில டிஎன்ஏ எழுத்துகள் தற்செயலாகச் சேர்வதும் குறைவதும் உண்டு. அதனால் உண்மையான எண்ணிக்கை இதைவிடப் பல மடங்கு அதிகம். இதில் எதற்கும் அந்த வைரஸைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பதைக் கவனியுங்கள்.

படி 2: நம்பாதவருக்கு இரண்டு சோதனைகள்

படிகளை வேகமாகக் கடக்க நினைப்பவர்கள் இதைத் தாண்டிப் போகலாம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

1958-ல் கஸ்டாவ் நோசலும் ஜோஷுவா லெடர்பெர்க்கும் எலிகளுக்கு இரண்டு வகை சால்மொனெல்லா பாக்டீரியாக்கள் நீந்தப் பயன்படுத்தும் வால் போன்ற கசையிழைகளைச் செலுத்தினார்கள். பிறகு அவற்றின் செல்களைத் தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் ஒரு நுண்துளியில் வைத்தார்கள். அந்தத் துளியில் பாக்டீரியாவை விட்டு, அது நீந்துகிறதா நின்றுபோகிறதா என்று நுண்ணோக்கியில் பார்த்தார்கள். சில செல்கள் முதல் வகையை நிறுத்தின, சில இரண்டாம் வகையை நிறுத்தின. இரண்டையும் நிறுத்திய செல் ஒன்றுகூட இல்லை. ஒரு செல்லுக்கு ஒரு எதிர்ப்பொருள் என்பது அந்தத் துளிகளில் கண்ணுக்குத் தெரிந்தது.

சரி, ஆனால் ஏற்பி கிருமிக்கு முன்பே இருந்தது என்பதை அது காட்டவில்லையே? அதை 1969-ல் கோர்டன் ஆடாவும் பாலின் பர்ட்டும் காட்டினார்கள். கசையிழைப் புரதத்தில் கடுமையான கதிரியக்க அயோடினை ஏற்றி, அந்தப் புரதத்தை ஒருபோதும் சந்தித்திராத எலிகளின் செல்களோடு கலந்தார்கள். அதைப் பிடித்துக்கொண்ட செல்கள் கதிரியக்கத்தால் செத்தன. மீதமிருந்த செல்கள் அந்தப் புரதத்துக்கு எதிர்வினை காட்டும் திறனை இழந்துவிட்டன, வேறொரு வகைப் புரதத்துக்கு மட்டும் வழக்கம்போல எதிர்வினை காட்டின. பொருந்தும் செல்கள் முன்கூட்டியே இல்லாவிட்டால் அங்கே சாவதற்கு எதுவும் இருந்திருக்காது.

படி 3: செல்லைத் தேடுங்கள்

பி செல்களும் டி செல்களும் அடங்கிய வெள்ளையணுக் குடும்பம் லிம்போசைட்டுகள். மனித உடலில் அவை ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி. வைரஸ் அத்தனையையும் தேடிப் போவதில்லை, அதற்கு அவசியமும் இல்லை. நுரையீரலை ஒட்டிய நிணநீர்க் கணுவுக்கு வைரஸ் துகள்கள் நிணநீர் வழியாக வந்து சேர்கின்றன. கணுவின் ஓரத்தில் உள்ள மேக்ரோஃபேஜ்கள் என்ற விழுங்கும் செல்கள் அவற்றைப் பிடித்து, பி செல்கள் நடமாடும் பக்கமாக நீட்டிக் காட்டுகின்றன. பி செல்கள் ஒரு கணுவில் சுமார் ஒரு நாள் சுற்றிவிட்டு அடுத்த கணுவுக்குப் போய்க்கொண்டே இருக்கும். அதாவது காட்சிப்பொருள் ஒரே இடத்தில் நிற்கிறது, பார்வையாளர்கள் மாறிக்கொண்டே இருக்கிறார்கள்.

கணக்கு எளிதாக இருக்க, ஒரு லட்சம் பி செல்களில் ஒன்று ஹீமக்ளூட்டினினுக்குப் பொருந்தும் என்றும், அந்தக் கணுவை 10 லட்சம் பி செல்கள் கடக்கின்றன என்றும் வைத்துக்கொள்வோம். அப்படியானால் பொருந்துபவை 10. அவற்றில் ஒன்றை மட்டும் தாளில் ஒரு வட்டமாக வரையுங்கள். அந்த ஒரு செல்லின் மேல் சுமார் ஒரு லட்சம் ஏற்பிகள் இருக்கும், எல்லாம் ஒரே வகை. பல ஏற்பிகள் ஒரே நேரத்தில் வைரஸைப் பிடித்தால்தான் உள்ளே வலுவான சைகை போகும். அரைகுறையாக ஒட்டும் செல்கள் பெரும்பாலும் இங்கேயே பின்தங்கிவிடுகின்றன.

படி 4: இரண்டாவது சம்மதம்

பொருந்தியதாலேயே செல் பெருகிவிடாது. வைரஸ் புரதத்தை உள்ளே இழுத்துக்கொண்டு, அதைத் துண்டாக்கி, ஒரு துண்டைத் தன் மேற்பரப்பில் எம்எச்சி என்ற தாங்கி மூலக்கூறில் ஏந்திக்காட்டுகிறது. பிறகு பி செல் பகுதிக்கும் டி செல் பகுதிக்கும் இடையிலுள்ள எல்லைக்கு நகர்கிறது. அதே வைரஸின் துண்டை அடையாளம் காணும் ஒரு உதவி டி செல் அங்கே இருந்தால், அது சிடி40 லிகண்ட் என்ற மேற்பரப்பு மூலக்கூறாலும் சைட்டோகைன்கள் என்ற சைகைப் புரதங்களாலும் சம்மதம் தருகிறது. அதன் பிறகே பிரிதல் தொடங்கும்.

இந்தத் தடை தேவையா என்று கேட்டால், கட்டாயம் தேவை. படி 1-ல் துண்டுகள் தற்செயலாகச் சேர்ந்ததை நினைத்துப் பாருங்கள். உடலின் சொந்தப் புரதத்துக்குப் பொருந்தும் செல்களும் அப்படியே பிறக்கும். பர்னெட் அவற்றைத் தடைசெய்யப்பட்ட குளோன்கள் என்றார். பல எலும்பு மஜ்ஜையிலேயே அழிகின்றன, இல்லையென்றால் தங்கள் ஏற்பியை மாற்றிக்கொள்கின்றன. தப்பி வெளியே வந்தவை சொந்தப் புரதத்தைப் பிடித்தாலும், டி செல்லின் உதவி கிடைக்காததால் செயலற்றுப்போகின்றன அல்லது சாகின்றன. இந்தக் காவல் தளர்ந்தால் தன்னெதிர்ப்பு நோய்க்கு வழி பிறக்கும்.

படி 5: இப்போது பெருக்குங்கள்

வைரஸைப் பிடித்து, டி செல்லைச் சந்தித்து, செல் பெரிதாகி முதல் தடவை பிரியத் தயாராக 2 நாள் என்று வைப்போம். அதன் பிறகு 8 மணி நேரத்துக்கு ஒரு பிரிதல், அதாவது நாளுக்கு மூன்று இரட்டிப்பு, 8 மடங்கு.

நாள் 2: 1
நாள் 3: 8
நாள் 4: 64
நாள் 5: 512
நாள் 6: 4,096
நாள் 7: 32,768

10 செல்களோடு தொடங்கினோம் என்பதால் நாள் 7-ல் 3,27,680. இது மேல்வரம்பு. உண்மையில் எல்லாச் செல்களும் ஒரே வேகத்தில் பிரிவதில்லை, வழியில் நிறையச் சாகும். எலிகளில் ஒற்றை டி செல்லின் சந்ததியைத் தனியாகப் பின்தொடர்ந்த ஆய்வுகளில், ஒரே ஏற்பி கொண்ட இரண்டு செல்களில் ஒன்று பெருங்கூட்டமாகவும் மற்றொன்று சில செல்களோடும் நின்றது. பொருந்துவது வாய்ப்பைத்தான் தருகிறது. குடும்பம் எவ்வளவு பெரிதாகும் என்பதில் தற்செயலுக்கும் பங்கு உண்டு.

இந்தப் பட்டியலில் நாள் 2-லிருந்து நாள் 5 வரை பாருங்கள். மூன்று நாள் வேலை நடந்தும் செல்கள் 512-தான். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு உடல் ஒன்றும் செய்யாதது போலத் தோன்றும். முதல் தொற்றில் எதிர்ப்பொருள் இரத்தத்தில் தெரிய ஏறக்குறைய ஒரு வாரம் ஆவதன் காரணம் இந்த ஆமைவேகத் தொடக்கம்தான்.

படி 6: குடும்பம் பிரிகிறது

குளோனில் ஒரு பகுதி பிளாஸ்மா செல்லாக மாறுகிறது. அதன் ஏற்பி இப்போது செல் மேற்பரப்பில் மாட்டிக்கொள்ளாமல் எதிர்ப்பொருளாக வெளியே கொட்டுகிறது. ஒரு பிளாஸ்மா செல் நொடிக்குச் சுமார் 2,000 எதிர்ப்பொருள்களை விடும் என்று எடுத்துக்கொண்டால், நாளுக்கு 17 கோடிக்கு மேல். 10,000 செல்கள் இருந்தால் நாளுக்கு ஒன்றரை லட்சம் கோடியைத் தாண்டும். முதலில் வருவது பெரும்பாலும் ஐஜிஎம் என்ற எதிர்ப்பொருள் வகை.

மற்றொரு பகுதி கணுவுக்குள் முளைமையம் என்ற இடத்துக்குப் போகிறது. "குளோன் என்றால் அப்படியே நகல்" என்று மனப்பாடம் செய்தவர்கள் இங்கே திருத்திக்கொள்ள வேண்டும். முளைமையத்தில் பி செல் தன் ஏற்பி மரபணுவை வேண்டுமென்றே மாற்றுகிறது: ஒவ்வொரு பிரிதலிலும் சுமார் ஆயிரம் எழுத்துக்கு ஒன்று. பெரும்பாலான மாற்றங்கள் ஏற்பியைக் கெடுக்கும், சில மட்டும் இன்னும் இறுகப் பிடிக்க வைக்கும். இறுகப் பிடிப்பவை அதிக வைரஸ் புரதத்தை இழுத்து, டி செல்லிடம் அதிக உதவி பெற்று, மேலும் பிரிகின்றன. முதல் தேர்வுக்கு உள்ளேயே இரண்டாவது தேர்வு. டி செல்கள் மட்டும் தங்கள் ஏற்பியை இப்படி மாற்றுவதில்லை.

தொற்று அடங்கியதும் குளோனின் பெரும்பகுதி சாகிறது. மிச்சம் நினைவு செல்கள், எலும்பு மஜ்ஜையில் குடியேறும் நீண்டகாலப் பிளாஸ்மா செல்கள். நினைவு செல்கள் 1,000 தங்கின என்று வைத்து, தாளில் மறுபடி கணக்குப் போடுங்கள். 10-க்குப் பதில் 1,000 என்பது 100 மடங்கு, அதாவது 6.6 இரட்டிப்புகள் மிச்சம். நேரத்தில் சொன்னால் சுமார் 53 மணி. எண்ணிக்கையால் மட்டும் இரண்டு நாள்தான் கிடைக்கிறது. மீதி வேகம் வேறு இடத்திலிருந்து வருகிறது: நினைவு செல்கள் விரைவாக விழிக்கின்றன, அவற்றின் ஏற்பிகளும் முளைமையத்தில் ஏற்கனவே கூர்மையானவை.

படி 7: ஒரே குளோனா, பலவா என்று எப்படித் தெரியும்?

நாம் ஒன்றைப் பின்தொடர்ந்தோம், மற்ற 9 வட்டங்களை வரையவில்லை. உண்மையான தொற்றில் அவையும் பெருகும். ஹீமக்ளூட்டினினின் வெவ்வேறு பகுதிகளைப் பிடிக்கும் வெவ்வேறு குளோன்கள் சேர்ந்தே வேலை செய்கின்றன. செல்களின் ஏற்பி மரபணுவை வரிசைப்படுத்திப் பார்த்தால் உறவுமுறை தெரியும். வி, ஜே துண்டுகள் ஒன்றாகவும், ஒட்டிய இடத்தின் நீளமும் எழுத்துகளும் பெருமளவு ஒன்றாகவும் இருந்தால், அவை ஒரே மூதாதைச் செல்லின் சந்ததிகள் என்று எடுத்துக்கொள்வார்கள்.

மருத்துவ ஆய்வகத்தில் இதைவிட எளிய வழி உண்டு. இரத்தத்தின் தெளிந்த திரவமான சீரத்தை மின்புலத்தில் ஓடவிட்டுப் புரதங்களைப் பிரித்தால், பல குளோன்களின் எதிர்ப்பொருள்கள் காமா என்ற பகுதியில் அகலமான மேடாகத் தெரியும். தொற்றின்போது அந்த மேடு உயரும், ஆனால் அகலமாகவே இருக்கும். மேட்டுக்குப் பதில் ஊசிபோல ஒரு குறுகிய உச்சி எழுந்தால், ஒரே குளோன் கட்டுமீறிப் பெருகியிருக்கிறது என்று பொருள். மல்டிபிள் மயலோமா என்ற பிளாஸ்மா செல் புற்றுநோயில் அந்த உச்சியைத்தான் மருத்துவர்கள் தேடுகிறார்கள். உச்சி இருந்தாலே புற்றுநோய் என்று சொல்லிவிட முடியாது, வயதானவர்கள் சிலருக்கு நோயில்லாமலும் சிறிய உச்சி தெரியும், அதனால் எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை போன்றவற்றோடு சேர்த்துத்தான் முடிவெடுப்பார்கள்.