ஏ.எம்.சி. பணம் முழுவதும் இந்த வருட வருமானமா? நோட்டீஸ் வாங்கிக் கற்றுக்கொண்டது

நானும் என் மச்சானும் சூளைமேட்டில் ஒரு சின்ன எல்எல்பி நடத்துகிறோம். அலுவலகங்களுக்குக் கம்ப்யூட்டர், பிரிண்டர் பராமரிப்பு. வருடச் சந்தாவை, அதாவது ஏ.எம்.சி. பணத்தை, முன்னாலேயே மொத்தமாக வாங்கிவிடுவோம். அந்தப் பணத்தை எந்த வருடக் கணக்கில் காட்டுவது என்பதில் பாதி சரியாகவும் பாதி தப்பாகவும் செய்து, வருமான வரித் துறையிலிருந்து 'டிஃபெக்டிவ் ரிட்டர்ன்' நோட்டீஸ் வாங்கினேன். தப்பு என்னுடையதுதான். அதைச் சரிசெய்த வழியை இங்கே எழுதி வைக்கிறேன்.

டாலியில் லெட்ஜர் திறக்கத் தெரியும், ரிட்டர்ன் ஏற்கெனவே ஒரு தடவையாவது போட்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். தனிநபராக 44ஏடி, 44ஏடிஏ பிரிவில் விற்றுமுதலில் இத்தனை சதவீதம் லாபம் என்று காட்டுகிறவர்களுக்கு இந்தச் செலவுக் கணக்கு தேவைப்படாது, செலவுகள் அந்தச் சதவீதத்துக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. எல்எல்பிக்கு அந்த வசதி கிடையாது.

முதலில், எது 'அட்வான்ஸ்'?

நம் ஊரில் கடை வாடகைக்கு எடுக்கும்போது பத்து மாத வாடகையை 'அட்வான்ஸ்' என்று கொடுக்கிறோம். நாங்கள் கொடுத்தது ₹1,50,000. காலி செய்யும்போது திரும்பி வரும் என்பதால் அது டெபாசிட். எந்த வருடத்திலும் செலவு இல்லை, வீட்டுக்காரருக்கும் வருமானம் இல்லை. மச்சான் முதல் வருடம் இதை 'முன்கூட்டிக் கொடுத்த வாடகை' என்று போட்டு, மாதம் ₹15,000 கழித்துக்கொண்டே வந்தார். அதுபோக மாத வாடகையும் தனியாகச் செலவில் இருந்தது. ஆடிட்டர் பார்த்துத் தலையில் கை வைத்தார்.

இந்தப் பதிவு திரும்பி வராத பணத்தைப் பற்றியது. நாம் கொடுத்துவிட்டோம், பயன் அடுத்த வருடத்துக்கும் நீள்கிறது என்றால் அது முன்கூட்டிச் செலுத்திய செலவு. நமக்கு வந்துவிட்டது, வேலை இன்னும் பாக்கி என்றால் அது முன்கூட்டிப் பெற்ற வருமானம். ப்ளஸ் டூ அக்கவுண்டன்சியில் படித்த அதே சரிக்கட்டுதல்தான்.

எங்கள் உதாரணம்

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனி 2025 ஜனவரி 1 அன்று ஒரு வருட ஏ.எம்.சி.க்கு ₹1,20,000 போட்டது. காலம் ஜனவரி முதல் டிசம்பர் வரை. அவர்கள் 194சி பிரிவில் 2 சதவீதம், அதாவது ₹2,400 டிடிஎஸ் பிடித்துக்கொண்டு வங்கியில் ₹1,17,600 செலுத்தினார்கள். (பணம் பெறுபவர் தனிநபராக இருந்தால் 1 சதவீதம்.)

இன்னொரு பக்கம், 2024 டிசம்பர் 1 அன்று அலுவலகத்துக்கு ஒரு வருட இன்சூரன்ஸ் பிரீமியம் ₹24,000 கட்டினோம்.

2025 மார்ச் 31 அன்று கணக்கை மூடுகிறோம். ஏ.எம்.சி.யில் மூன்று மாத வேலை முடிந்திருக்கிறது, ஆக ₹30,000தான் இந்த வருட வருமானம். மீதி ₹90,000 அடுத்த வருடத்துடையது. இன்சூரன்ஸில் நான்கு மாதம் ஓடியிருக்கிறது, ₹8,000 செலவு. ₹16,000 அடுத்த வருடத்துக்குப் போகும்.

சரிக்கட்டாமல் விட்டிருந்தால் இந்த இரண்டிலும் சேர்த்து ₹96,000 லாபம் தெரிந்திருக்கும். சரிக்கட்டினால் ₹22,000. வித்தியாசம் ₹74,000. எல்எல்பிக்கு 30 சதவீத வரியும் அதன் மேல் 4 சதவீத செஸ்ஸும் சேர்த்தால் 31.2 சதவீதம், அதாவது ₹23,088. இது மிச்சமாகிவிட்டது என்று மச்சானிடம் சொல்லி மாட்டிக்கொண்டேன். மிச்சமில்லை, அடுத்த வருடம் கட்ட வேண்டியது.

ஏன் மாதக் கணக்கில் சமமாகப் பிரிக்கிறோம்? வரிக் கணக்குக்கென்று இருக்கும் ஐசிடிஎஸ் விதிகளில் நான்காவது, சேவை வருமானம் பற்றிப் பேசுகிறது. எத்தனை தடவை கூப்பிடுவார்கள் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாத, ஆனால் காலம் நிச்சயமாக உள்ள வேலைக்கு, வருமானத்தைக் காலத்துக்குச் சமமாகப் பங்கிடலாம் என்கிறது அது. ஏ.எம்.சி. அச்சாக அதுதான். ஆனால் அந்தத் தொகைக்குள் ஒருதடவை 'இன்ஸ்டலேஷன்' கட்டணமும் ஒளிந்திருந்தால் அதைப் பிரிக்கக் கூடாது. ஜனவரியிலேயே அந்த வேலை முடிந்துவிட்டது, முழுவதும் இந்த வருடம்தான். பில்லில் அதைத் தனி வரியாகப் போட்டுவிடுங்கள்.

இதெல்லாம் மெர்க்கண்டைல் முறையில், அதாவது பணம் கைமாறிய நாளைப் பார்க்காமல் அது எந்தக் காலத்துக்குரியது என்று பார்த்து, கணக்கு வைப்பவர்களுக்கு. ரொக்க முறையில் வைத்திருந்தால் பணம் வந்த வருடம் வருமானம், கொடுத்த வருடம் செலவு. வருமானத்துக்கு மெர்க்கண்டைல், செலவுக்கு ரொக்கம் என்று வசதிக்கு மாற்றிக்கொள்ள 145ஆம் பிரிவு இடம் தராது.

பதிவுகள்

பணம் வந்த அன்று வங்கி ₹1,17,600 பற்று, டிடிஎஸ் வரவேண்டியது ₹2,400 பற்று, ஏ.எம்.சி. வருமானம் ₹1,20,000 வரவு. வங்கியில் வந்ததை மட்டும் வருமானமாகப் போடுவது புதியவர்கள் செய்யும் தப்பு.

மார்ச் 31 அன்று டாலியில் F7 அழுத்தி இரண்டு ஜர்னல்: ஏ.எம்.சி. வருமானம் ₹90,000 பற்று, முன்பெற்ற ஏ.எம்.சி. வரவு. அப்புறம் முன்செலுத்திய இன்சூரன்ஸ் ₹16,000 பற்று, இன்சூரன்ஸ் செலவு வரவு. ஏப்ரல் 1 அன்று இரண்டையும் அப்படியே திருப்பிப் போட வேண்டும்.

ஒப்பந்தம் மாதத்தின் நடுவில் தொடங்கினால் நாள் கணக்கில் போவேன். இதற்கு டாலியை நம்புவதில்லை, ஒரு சாதா ஸ்ப்ரெட்ஷீட்தான் பிடிக்கும். ஆடிட்டர் கேட்டால் ஃபார்முலாவைக் காட்டிவிடலாம். B-யில் தொடக்கத் தேதி, C-யில் முடிவுத் தேதி, D-யில் தொகை:

```
=ROUND(D2*(MIN(C2,DATE(2025,3,31))-MAX(B2,DATE(2024,4,1))+1)/(C2-B2+1),0)
```

இந்த வருடப் பங்கு இதில் வரும். அந்த +1 இரண்டையும் விட்டுவிடாதீர்கள், விட்டால் முதல் நாள் கணக்கில் வராது. மாதமா நாளா என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் வருடாவருடம் அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

என்னை விழ வைத்த இடம்: டிடிஎஸ்

வருமானத்தை அழகாகப் பிரித்துவிட்டு, ரிட்டர்னில் டிடிஎஸ் ₹2,400 முழுவதையும் இந்த வருடமே கோரினேன். பிடித்துவிட்டார்கள், படிவம் 26ஏஎஸ்-இல் தெரிகிறது, என் பணம்தானே என்ற நினைப்பு. இதே மாதிரி ஆறு வாடிக்கையாளர்கள். 26ஏஎஸ்-இல் இருந்த மொத்தத் தொகையை விட நான் காட்டிய வருமானம் குறைவு. ஆனால் கோரிய டிடிஎஸ் முழுவதுமாக இருந்தது. 139(9) நோட்டீஸ் வந்தது, பதிலுக்கு 15 நாள்.

விதி 37பிஏ சொல்வது இதுதான்: வருமானம் எந்த வருடத்தில் வரிக்கு வருகிறதோ, அந்த வருடத்தில்தான் அதற்கான டிடிஎஸ் வரவும் கிடைக்கும். வருமானம் பல வருடங்களில் பிரிந்தால் டிடிஎஸ்ஸும் அதே விகிதத்தில் பிரியும். எங்கள் கணக்கில் ₹30,000-க்கு ₹600 இந்த வருடம், ₹90,000-க்கு ₹1,800 அடுத்த வருடம்.

ஐடிஆர்-5 படிவத்தின் டிடிஎஸ் அட்டவணையில் இதற்கென்றே கட்டங்கள் இருக்கின்றன, நான் கவனிக்கவே இல்லை. நடப்பு ஆண்டில் பிடித்த ₹2,400 அதற்கான கட்டத்தில் போகும். `TDS credit being claimed this Year` என்பதில் 600. அதற்கு நேரான `Gross Amount` கட்டத்தில் 1,20,000 இல்லை, 30,000. கடைசிக் கட்டம் `TDS credit being carried forward`. அதில் 1,800 நிற்க வேண்டும். முன்கூட்டி நிரப்பிய படிவத்தைத் திறந்தால் முழு 2,400-உம் கோரியதாகவே இருந்தது, கையால் மாற்றினேன். திருத்திய ரிட்டர்ன் போட்டதும் விஷயம் முடிந்தது.

அடுத்த வருட ரிட்டர்னில் அந்த ₹1,800-ஐ `Unclaimed TDS brought forward` பகுதியில், பிடித்த நிதியாண்டு 2024-25 என்று குறிப்பிட்டுச் சேர்க்க வேண்டும். அந்த வருட 26ஏஎஸ்-இல் இந்தத் தொகை வராது, அதனால் நீங்களாக நினைவு வைத்திருந்தால்தான் உண்டு. நான் இருப்புநிலைக் குறிப்பில் 'டிடிஎஸ் வரவேண்டியது' லெட்ஜரின் மீதி ₹1,800 என்று வைத்து, அதைப் பார்த்துத்தான் நிரப்புகிறேன்.

பின்குறிப்பு 1: ஜிஎஸ்டி பதிவு உள்ள ஒருவர் கருத்தில் கேட்டிருந்தார், 'ஜிஎஸ்டியிலும் இப்படிப் பிரிக்கலாமா?' கூடாது. சேவைக்கு முன்பணம் வந்தாலே அந்தத் தேதியில் ஜிஎஸ்டி கட்ட வேண்டியதுதான். பொருளுக்கு மட்டும் 2017 நவம்பரிலிருந்து அந்தத் தொல்லை இல்லை. அதனால் ஜிஎஸ்டி ரிட்டர்னில் ₹1,20,000-உம் லாப நட்டக் கணக்கில் ₹30,000-உம் இருக்கும். வித்தியாசத்துக்கு ஒரு தாள் தயார் செய்து ஃபைலில் வையுங்கள்.

பின்குறிப்பு 2: 'பணம் கொடுத்தாகிவிட்டது, ஏன் முழுச் செலவும் இந்த வருடமே எடுக்கக் கூடாது?' என்று இன்னொருவர். நம்ம ஊர் வழக்கு ஒன்று உண்டு. மெட்ராஸ் இண்டஸ்ட்ரியல் இன்வெஸ்ட்மென்ட் கார்ப்பரேஷன் 1966-இல் 12 வருடக் கடன்பத்திரங்களைத் தள்ளுபடியில் வெளியிட்டு, அந்த ₹3,00,000 தள்ளுபடியையும் ஒரே வருடச் செலவாகக் கேட்டது. உச்ச நீதிமன்றம் 1997-இல், பயன் 12 வருடம் என்றால் செலவும் 12 வருடத்துக்குப் பிரியும் என்றது. ஆனால் டபாரியா டூல்ஸ் வழக்கில் 2015-இல் அதே நீதிமன்றம், முன்கூட்டி மொத்தமாகக் கொடுத்த வட்டியை, கம்பெனி ரிட்டர்னில் கேட்டபடி, கொடுத்த வருடத்திலேயே முழுவதுமாக அனுமதித்தது. இதைக் காட்டி வாதாட ஆள் இருக்கிறார்கள். ₹16,000 இன்சூரன்ஸுக்காக நான் அந்த வாதத்தில் இறங்க மாட்டேன்.

பின்குறிப்பு 3: 2026 ஏப்ரல் 1 முதல் வருமான வரிச் சட்டம் 2025 நடைமுறை. அதில் 'வரி ஆண்டு' என்ற சொல் வருகிறது, பிரிவு எண்களும் மாறியிருக்கின்றன. மேலே சொன்ன எண்கள் 1961 சட்டத்துடையவை, 2025-26 வருமானம் வரை பொருந்தும்.

பின்குறிப்பு 4: மூன்று பேர் ஒரே தப்பைச் செய்திருந்தார்கள், ஏப்ரல் 1 திருப்பல் பதிவை மறந்துவிட்டார்கள். கண்டுபிடிப்பது சுலபம். இரண்டு மார்ச் 31 இருப்புநிலைக் குறிப்புகளைப் பக்கத்தில் வையுங்கள். 'முன்பெற்ற ஏ.எம்.சி.' லெட்ஜரில் போன வருட ₹90,000-மேல் புதுத் தொகையும் ஏறி நின்றால், அந்தத் தொண்ணூறாயிரம் இன்னும் எந்த வருடத்திலும் வருமானமாகவில்லை.