மாத வட்டியா, முதிர்வில் வட்டியா: ஒப்பிடும்போது சறுக்கும் இடங்கள்

திருகோணமலை என்.சி. வீதியில் இரண்டு இடங்களில் நிலையான வைப்பு விசாரித்து வந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். கையில் 5 இலட்சம் ரூபா, காலம் ஒரு வருடம். ஓரிடத்தில் ஆண்டுக்கு 8%, வட்டி மாதாமாதம். மற்றதில் 8.25%, முழு வட்டியும் முதிர்வில். (வீதங்கள் கணக்குக்காக நான் வைத்தவை.)

8.25 பெரிது என்று உடனே முடிவெடுப்பதுதான் முதல் தவறு. மாதம் ஒருமுறை வட்டி முதலோடு சேர்ந்தால், அடுத்த மாதம் அந்த வட்டிக்கும் வட்டி வரும். ஆகவே 8 சதவீதத்தை முதலில் உண்மையான ஆண்டு வீதமாக மாற்ற வேண்டும்:

```
(1 + 0.08/12)^12 - 1 = 0.0830
```

அதாவது 8.30%. வருட முடிவில் 41,500 ரூபா வட்டி. மற்ற வைப்பில் 41,250 தான்.

இந்தக் கணக்கைக் கைப்பேசியில் போடும்போது 0.08/12 என்பதை 0.007 என்று சுருக்கிவிடுபவர்கள் உண்டு. விடை 8.73% என்று வந்துவிடும். அப்புறம் 8.5% தரும் நல்ல வைப்பைக்கூட வேண்டாம் என்று விட்டுவிடுவோம். 0.0066667 என்றாவது போடுங்கள்.

பெரிய சறுக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. விளம்பரப் பலகையில் ஏ.ஈ.ஆர். என்று பக்கத்தில் போடுவது இந்த உண்மையான ஆண்டு வீதத்தைத்தான். ஆனால் மாத வட்டி வைப்பில் வட்டி பெரும்பாலும் முதலோடு சேராது. உங்கள் சேமிப்புக் கணக்குக்குப் போய்விடும். நம்முடைய கணக்கில் அது மாதம் 3,333 ரூபா. சேமிப்புக் கணக்கு 3% தருகிறது என்றால், அந்தப் பணம் 8 சதவீதத்தில் அல்ல, 3 சதவீதத்தில்தான் வளரும். வருட முடிவில் கையில் நிற்பது சுமார் 40,555 ரூபா, அதாவது 8.11%. இப்போது 8.25% வைப்பே முந்துகிறது! மாத வட்டியைச் செலவுக்கு எடுப்பவருக்கு மொத்தம் 40,000 தான். ஆனால் அவருக்குத் தேவை மாதாமாதம் கைக்கு வரும் பணம், அது வேறு கதை. எனவே வைப்புப் போடுமுன் கேட்க வேண்டியது ஒன்றே: “வட்டி முதலோட சேருமா, கணக்குக்குப் போகுமா?”

சரி, சேரும் என்றே வைத்துக்கொள்வோம். 2025 ஏப்ரல் முதல் வட்டியில் 10% வரி பிடிக்கப்படுகிறது. இரண்டுக்கும் ஒரே வரிதானே, அதனால் வித்தியாசம் மாறாது என்று நினைப்பது இன்னொரு தவறு. மாதாமாதம் வரி போனபின் மிச்சம்தான் முதலோடு சேரும். 8% என்பது 7.2% ஆகி, உண்மையான வீதம் 7.44 ஆகிறது. 8.30இல் பத்தில் ஒன்றைக் கழித்து 7.47 என்று போட்டால் பிழை. வரி போக மாத வட்டி வைப்பு தருவது 37,212, மற்றது 37,125. முன்பு 250 ரூபாவாக இருந்த வித்தியாசம் 87 ரூபாவாகச் சுருங்கிவிட்டது.